குரூப் 4 மாதிரித் தேர்வில் போன மதிப்பெண்ணைத் திரும்பப் பிடிக்க: தவறு நோட்டு, படிப்படியாக

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று எங்கே பார்த்தாலும் குரூப் 4-க்குப் படிக்கிறவர்கள் வாரம் ஒரு மாதிரித் தேர்வாவது எழுதிவிடுகிறார்கள். எழுதி முடித்ததும் விடைக்குறிப்பைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள், வாட்ஸ்அப் குழுவில் ஒரு தடவை சொல்வார்கள், அதோடு வினாத்தாள் கட்டுக்குள் போய்விடும். அடுத்த வாரம் அடுத்த தாள். இப்படி முப்பது தாள் எழுதியவர்களும் முதல் தாளில் எங்கே விழுந்தார்களோ அங்கேயேதான் முப்பதாவதிலும் விழுகிறார்கள். நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு மாலை நேரப் படிப்பு வட்டத்தில் வகுப்பு எடுக்கிறேன். அங்கே தவறு நோட்டு எழுத வைப்பது எப்படி என்பதை ஒரே ஒரு தாளை வைத்து இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. குரூப் 4 தாளில் 200 வினாக்கள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண். 100 வினா தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறி. தமிழ்ப் பகுதியின் 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது கிடையாது. இந்தக் கடைசி விஷயம் தவறு நோட்டின் அமைப்பையே மாற்றுகிறது. மதிப்பெண் குறையாது என்பதால் எல்லாரும் தெரியாததையும் ஏதோ ஒரு வட்டத்தில் நிரப்பிவிடுவார்கள். நிரப்பவும் வேண்டும். ஆனால் நாலில் ஒன்று தானாகவே சரியாகிவிடும் அல்லவா? அப்படித் தப்பித் தவறிச் சரியானவை உங்கள் பலம்போல மதிப்பெண்ணில் உட்கார்ந்துகொள்ளும். தவறான விடைகளை மட்டும் எழுதுகிற நோட்டில் இவை சிக்கவே சிக்காது.

எடுத்துக்காட்டுக்கு எங்கள் வட்டத்தில் படிக்கும் ஒரு பெண்ணின் தாளை அவர் சம்மதத்தோடு எடுத்துக்கொள்கிறேன். குளச்சல் பக்கத்திலிருந்து வருகிறார். பகலில் ஒரு முந்திரி ஆலையின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். படிக்கக் கிடைப்பது மாலையில் ஒன்றரை மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான். அந்த மாதிரித் தேர்வில் 141 சரி, 59 தவறு, மதிப்பெண் 211.5. "வரலாற்றை மறுபடியும் முதலிலிருந்து படிக்கணும் சார்" என்பதுதான் தாளைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை. அது சரியில்லை என்று தாளே காட்டியது. எப்படி என்று பார்ப்போம்.

படி 1: எழுதும்போதே புள்ளி வைத்துவிடுங்கள்

மாதிரித் தேர்வு எழுதும்போது, எந்த வினாவுக்கு விடை நிச்சயமாகத் தெரியவில்லையோ அதன் எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு விடைகளுக்கு நடுவே நின்று ஒன்றை எடுத்தாலும் புள்ளிதான். முழு ஊகமென்றாலும் புள்ளிதான். இதைத் தேர்வு முடிந்த பிறகு செய்ய முடியாது. விடைக்குறிப்பில் சரி என்று பார்த்துவிட்டால், "இது எனக்குத் தெரியும்தானே" என்று மனம் அடித்துச் சொல்லும்.

அந்தப் பெண்ணின் 141 சரியான விடைகளில் 22-க்குப் புள்ளி இருந்தது. அதாவது உறுதியாகத் தெரிந்தது 119 மட்டுமே. இதை எண்ணிச் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் வாடியது. பரவாயில்லை, நிஜத் தேர்வு முடிவு வந்து வாடுவதைவிட இது மேல்.

ஒரு எச்சரிக்கை: புள்ளி மாதிரித் தேர்வுக்கு மட்டும். நிஜத் தேர்வின் வினாத்தொகுப்பில் விடையைக் குறிக்கக் கூடாது என்று அறிவுரைப் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். அங்கே பழக்கதோஷத்தில் பென்சிலைத் தூக்க வேண்டாம்.

படி 2: விடைக்குறிப்பை நம்புவதற்கு முன் சோதியுங்கள்

டெலிகிராமில் சுற்றும் மாதிரித் தாள்களின் விடைக்குறிப்பில் பிழைகள் தாராளமாக இருக்கும். தேர்வாணையமே முதலில் உத்தேச விடைக்குறிப்பு வெளியிட்டு, ஆட்சேபம் கேட்டு, அப்புறம்தான் இறுதி விடைக்குறிப்பு தருகிறது. அப்படியிருக்க யாரோ தட்டச்சு செய்த பிடிஎஃப்பைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பி, தவறான விடையை "சரியான விடை" என்று நோட்டில் எழுதி நாலு தடவை மனப்பாடம் செய்தால், நோட்டே உங்களுக்கு எதிராக வேலை செய்யும்.

200 வினாவையும் சோதிக்கத் தேவையில்லை. புள்ளி வைக்காமல், உறுதியாக எழுதியும் தவறு என்று வந்தவற்றை மட்டும் சமச்சீர்ப் பாடநூலைத் திறந்து பாருங்கள். விடைக்குறிப்பில் பிழை இருந்தால் அது பெரும்பாலும் அங்கேதான் பிடிபடும். பாடநூல் கையில் இல்லாவிட்டால் நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் பார்க்கலாம். பாடநூல் கழகத்தின் இணையதளத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது.

படி 3: தாளின் ஓரத்தில் காரணக் குறி

நோட்டைத் திறப்பதற்கு முன், வினாத்தாளிலேயே ஒவ்வொரு தவறுக்கும் ஓரத்தில் ஓரெழுத்துக் குறி போடுங்கள். எங்கள் வட்டத்தில் ஐந்து குறிகள் வைத்திருக்கிறோம்.

அ என்றால் அந்தப் பாடத்தையே படிக்கவில்லை, கேள்விப்பட்டதில்லை. கு என்றால் குழப்பம்: படித்ததுதான், ஆனால் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றோடு கலந்துவிட்டது. மு என்றால் கணக்கில் முறை தவறு. வா என்றால் வாசிப்புத் தவறு: விடை தெரியும், கேட்டது என்ன என்பதைப் பிடிக்கவில்லை. நே என்றால் நேரம் போதாமல் அள்ளித் தெளித்தது, அல்லது ஓ.எம்.ஆர். தாளில் வரிசை மாறி நிரப்பியது.

இதில் ஆறாவதாக ஒரு குறியை எல்லாரும் கேட்பார்கள்: கவனக்குறைவு. நான் விடுவதில்லை. "மக்களே, கவனக்குறைவுன்னு எழுதுனா நாளைக்கு உக்காந்து எதைப் படிப்பே?" என்று கேட்பேன். பதில் வராது. கவனக்குறைவு என்று தோன்றும் ஒவ்வொன்றையும் தோண்டினால் அது வா-வாக இருக்கும், அல்லது மு-வாக இருக்கும், பல சமயம் கு-வாக இருக்கும். அந்த வார்த்தை நம் மானத்தைக் காப்பாற்றுவதற்கு மட்டும் உதவும்.

அந்தப் பெண்ணின் 59 தவறுகளும் இப்படிப் பிரிந்தன: அ 21, கு 17, வா 11, மு 6, நே 4. இந்த வேலைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது. ஒரு வினாவுக்குக் குறி தெரியாமல் இரண்டு நிமிடம் யோசிக்கிறீர்கள் என்றால் கு என்று போட்டுவிட்டு நகருங்கள்.

படி 4: நோட்டில் எழுதுவது

பலருடைய தவறு நோட்டு இந்தப் படியில்தான் செத்துப்போகிறது. 59 தவறு, 22 புள்ளி, மொத்தம் 81 வினாக்களையும் அழகாக எழுத உட்கார்ந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடும். மூன்றாவது வாரம் நோட்டைத் தொடவே கை வராது.

எனவே அ குறி போட்டவற்றை வினாவாக எழுதாதீர்கள். படிக்காத பாடத்தின் பெயரை மட்டும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியலாகப் போடுங்கள். நே குறிக்கும் தனிப் பதிவு வேண்டாம். புள்ளி வைத்துச் சரியானவற்றுக்கு ஒரு வரி போதும்: எந்தத் தலைப்பு, எதற்கும் எதற்கும் இடையே தடுமாற்றம். முழுப் பதிவு எழுத வேண்டியது கு, மு, வா மூன்றுக்கும்தான். அவர் தாளில் அது 34.

நோட்டு சாதாரண நீள நோட்டு. இடது பக்கத்தில் வினா. வலது பக்கத்தில் மீதி எல்லாம். நோட்டை மடக்கிப் பிடித்தால் வினா மட்டும் தெரிய வேண்டும். விடை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அது சோதனையே இல்லை, வெறும் வாசிப்பு. நாலு தெரிவுகளையும் எழுதாதீர்கள். வினாவை மட்டும், முடிந்தால் சுருக்கி எழுதுங்கள்.

வலது பக்கத்தில் மூன்று விஷயம்: நான் குறித்த விடை, அதை ஏன் குறித்தேன், எதை வைத்துத் திருத்திக்கொள்வேன். நடுவில் இருக்கும் "ஏன்" தான் நோட்டின் உயிர். அதைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். அவர் நோட்டிலிருந்தே ஒரு பதிவைப் பார்க்கலாம்.

> வினா: 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றவர்கள் யார்?
> குறித்தது: போர்ச்சுகீசியர் (கு)
> ஏன்: நம் கடற்கரை, கோட்டாறு சவேரியார் எல்லாம் போர்ச்சுகீசியரோடு சேர்ந்து மனதில் இருக்கிறது.
> திருத்தம்: சவேரியார் வந்தது 1540-களில். குளச்சல் போர் அதற்கு 200 வருடம் பின்னால், தோற்றவர்கள் டச்சுக்காரர்கள். பிடிபட்ட டிலனாய் டச்சுப் படைத்தலைவர். கல்லறை உதயகிரிக் கோட்டையில்.

குளச்சல்காரப் பெண் குளச்சல் வினாவைத் தவறவிட்டதில் எங்கள் வட்டத்தில் ஒரே சிரிப்பு. ஆனால் சொந்த ஊர் வினாக்களில் இது அடிக்கடி நடப்பதுதான். ஊரைத் தெரியும் என்ற நம்பிக்கையில் பாடநூலை யாரும் அந்த இடத்தில் நின்று படிப்பதில்லை. பதிவைக் கவனியுங்கள். முதலில் அவர் "டச்சு" என்று ஒரே வார்த்தையைத்தான் எழுதியிருந்தார். அது எதையும் திருத்தாது, ஏனென்றால் கடற்கரை என்றதும் போர்ச்சுகீசியர் என்று ஓடும் பழைய இணைப்பு அப்படியே இருக்கிறது. ஏன் என்று கேட்டுத் தோண்டியதும் சவேரியார் வெளியே வந்தார். இரண்டுக்கும் நடுவே 200 வருட இடைவெளி என்பது தெரிந்ததும் அந்த இணைப்பு அறுந்தது. புலியூர்க்குறிச்சி வழியாகப் போகும்போதெல்லாம் உதயகிரிக் கோட்டை கண்ணில் படும் என்பதால் டிலனாய் கூடுதல் பிடிமானம்.

இதே வகையில் இன்னொன்று. கவிமணி பிறந்த ஊர் தேரூர் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆனால் ஆசிய ஜோதிக்கு மூலமான ஆங்கில நூலை எழுதியவர் யார் என்றால், எட்வின் அர்னால்டுக்கும் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கும் இடையே தடுமாறுவார்கள். இரண்டுமே கவிமணி தமிழாக்கியவை, இரண்டுமே ஆங்கிலம் வழியாக வந்தவை என்பதுதான் குழப்பத்தின் காரணம். திருத்தம் ஒரு வரி: புத்தர் கதை என்றால் அர்னால்டு, உமர் கய்யாம் பாடல்கள் என்றால் ஃபிட்ஸ்ஜெரால்டு. குழப்பத் தவறுக்குத் திருத்தம் எழுதும்போது எப்போதும் இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் அடுத்த தாளில் மற்றதைக் கேட்பார்கள்.

இலக்கணத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மதிமுகம் என்பதற்கு அவர் உருவகம் என்று குறித்திருந்தார். "மதி உவமையாக இருக்கிறது என்று தெரியும், பெயர் மறந்துவிட்டது" என்று முதலில் சொன்னார். தோண்டினால் பெயர் மறக்கவில்லை. எது முன்னால் வர வேண்டும் என்ற விதியே பிடிபடவில்லை. மதி போன்ற முகம் என்று விரிந்தால் உவமைத்தொகை. முகமாகிய மதி என்று விரிய வேண்டுமானால் சொல் முகமதி என்று இருக்க வேண்டும், அதுதான் உருவகம். நோட்டில் "மதிமுகம் உவமைத்தொகை" என்று எழுதியிருந்தால் அடுத்த முறை கயல்விழியிலும் அதே தவறு வந்திருக்கும். "விரித்துப் பார்: போன்றவா, ஆகியவா" என்று எழுதியதால் ஒரே பதிவு பத்துச் சொற்களுக்கு உதவுகிறது.

கணக்குத் தவறுக்குப் பதிவு வேறு மாதிரி. முழுத் தீர்வையும் நோட்டில் நகல் எடுக்காதீர்கள். எந்த வரியில் வழி தவறியது என்பதை மட்டும் எழுதுங்கள். அவர் தாளில் இருந்த வினா: 8000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 5 சதவீதம், 3 ஆண்டுகள், கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் எவ்வளவு? அவர் குறித்தது 20. சரியான விடை 61. தப்பான விடையும் தெரிவுகளில் இருந்தது. இப்படிப்பட்ட பொறியை வினா தயாரிப்பவர்கள் தெரிந்தேதான் வைப்பார்கள். ஏன் 20 வந்தது என்றால், 2 ஆண்டுக்கான சூத்திரத்தை 3 ஆண்டுக்குப் போட்டுவிட்டார்.

```
2 ஆண்டு:  P × (r/100)²
3 ஆண்டு:  P × (r/100)² × (3 + r/100)
```

8000-க்கு முதல் சூத்திரம் 20 தரும். அதை 3.05 ஆல் பெருக்கினால் 61. பதிவில் இந்த இரண்டு வரியும், "முதலில் ஆண்டைப் பார்" என்ற ஒரு வரியும் போதும்.

படி 5: கூட்டிப் பார்த்து அந்த வாரத்தைத் தீர்மானிப்பது

இதுவரை செய்தது எழுத்து வேலை. இனிதான் அது பாடத்திட்டமாகிறது. 17 குழப்பங்களும் எந்தத் தலைப்பில் விழுந்தன என்று எண்ணினோம். அரசியலமைப்பில் 9, தமிழில் நூலும் ஆசிரியரும் 4, இலக்கணம் 2, வரலாறு வெறும் 2. வரலாற்றை முதலிலிருந்து படிக்க வேண்டும் என்று கிளம்பியவருக்கு வரலாற்றில் குழப்பம் இரண்டே இரண்டு. குளச்சல் தவறு உறுத்திக்கொண்டே இருந்ததால் வரலாறே பிரச்சினை என்று தோன்றியிருக்கிறது. போதாக்குறைக்கு, புள்ளி வைத்துச் சரியான 22-இல் 8 அரசியலமைப்பில் கிடந்தன. ஆக அந்த ஒரு தலைப்பில் மட்டும் 17 வினா ஆட்டம் காண்கிறது, 25.5 மதிப்பெண்.

அந்த வாரம் அவர் அரசியலமைப்புப் பாடத்தை முழுதாகத் திரும்பப் படிக்கவில்லை. ஒன்பது தவறும் எட்டுப் புள்ளியும் எந்த எண்களில் என்று பார்த்து, ஒரே தாளில் ஜோடி ஜோடியாக எழுதினார். 42-வது திருத்தமும் 44-வது திருத்தமும் ஒரு ஜோடி. 32-வது விதியும் 226-வது விதியும் ஒரு ஜோடி: நீதிப்பேராணையை உச்ச நீதிமன்றம் 32-இன் கீழும் உயர் நீதிமன்றம் 226-இன் கீழும் பிறப்பிக்கும். 73-வது திருத்தமும் 74-வது திருத்தமும் ஒரு ஜோடி: முன்னது ஊராட்சி, பின்னது நகராட்சி.

இதில் 42, 44 ஜோடியை எண்ணாக மனப்பாடம் செய்தால் ஒட்டாது. காலத்தோடு சேர்த்தால் ஒட்டும். 42-வது 1976-இல் நெருக்கடி நிலை நடந்தபோது வந்தது. முகவுரையில் சமதர்மம், மதச்சார்பின்மை, ஒருமைப்பாடு சேர்ந்தன. அடிப்படைக் கடமைகளும் அப்போதுதான் வந்தன. 44-வது 1978-இல், ஆட்சி மாறிய பிறகு வந்தது. 42 செய்த பலவற்றை அது திருத்தியது. சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து எடுத்ததும் இதுதான். சொத்துரிமை வினாவில் அவர் 42 என்று குறித்திருந்ததற்குக் காரணம், பெரிய மாற்றம் என்றாலே 42 என்ற நினைப்பு. காரணத்தை எழுதியதால் திருத்தமும் அதற்கு ஏற்றதாக அமைந்தது.

அடுத்து 11 வாசிப்புத் தவறுகள். 16.5 மதிப்பெண், ஒரு பக்கம்கூடப் படிக்காமல் திரும்பப் பெறக்கூடியது. எண்ணிப் பார்த்தால் ஏழு வினா "கீழ்க்கண்டவற்றுள் தவறானது எது", "பொருந்தாதது எது" வகை. இரண்டு கூற்று–காரண வினா. மீதி இரண்டு திறனறியில்: ஒருவர் 12 நாளிலும் இன்னொருவர் 18 நாளிலும் முடிக்கும் வேலையை இருவரும் சேர்ந்து 4 நாள் செய்தால் மீதி எவ்வளவு என்பது ஒன்று. ஒரு நாளில் 5/36, நாலு நாளில் 5/9 முடிந்தது, மீதி 4/9. அவர் 5/9 என்று குறித்திருந்தார். கணக்கு முழுக்கச் சரி, கேட்டது மீதி.

இதற்குப் பரிகாரம் "கவனமாகப் படி" என்பதில்லை. கைக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். வினாவின் கடைசிச் சொல்லை விரல் வைத்து இன்னொரு தடவை படித்துவிட்டுத்தான் தெரிவுகளுக்குப் போவது என்று முடிவு செய்தார். விரலுக்கு எந்த விதியும் தடையில்லை. அடுத்த தாளில் 200 வினாவுக்கும் அதைச் செய்தார். முதல் நாற்பது வினா மெதுவாகப் போனதாகவும் பிறகு பழகிவிட்டதாகவும் சொன்னார்.

21 அறியாமைத் தவறுகளில் 12 பொருளாதாரத்திலும் தமிழ்நாட்டு வளர்ச்சி நிர்வாகத்திலும் இருந்தன. அதுவரை தொடாத பகுதி. ஞாயிற்றுக்கிழமை அதற்குப் போனது. மீதி ஒன்பதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியவை. அவற்றை விட்டுவிடச் சொன்னேன். சிதறிய தவறைத் துரத்திப் பிடிப்பதில் நேரம் போகும், மதிப்பெண் வராது.

படி 6: மறுசோதனை

எழுதிய பதிவை மூன்றாம் நாள், பத்தாம் நாள், முப்பதாம் நாள் மறுபடி போட்டுப் பாருங்கள். இந்த எண்கள் கல்வெட்டு அல்ல. இடைவெளி கூடிக்கொண்டே போக வேண்டும் என்பதுதான் முக்கியம். அந்தந்தத் தேதியைப் பதிவின் ஓரத்தில் எழுதும்போதே குறித்துவிடுங்கள். நாகர்கோவில் பஸ்ஸில் உட்கார்ந்துகூடச் செய்யலாம், கணக்கைத் தவிர.

நோட்டை மடக்கி, வினாவைப் பார்த்து, விடையையும் காரணத்தையும் சொல்ல வேண்டும். விடை மட்டும் வந்து காரணம் வராவிட்டால் அது தவறுதான். "குளச்சல் – டச்சு" என்று நோட்டின் அந்தப் பக்கத்தின் தோற்றமே மனதில் பதிந்துவிடும். அறிவு இருக்கிறதா என்பதைக் காரணம்தான் காட்டும். கணக்கென்றால் எண்ணை மாற்றிப் போடுங்கள். 8000, 5 சதவீதத்துக்குப் பதில் 10000, 10 சதவீதம், 3 ஆண்டு: 310 வர வேண்டும். இலக்கணமென்றால் சொல்லை மாற்றுங்கள்.

தொடர்ந்து இரண்டு தடவை காரணத்தோடு சரியானால் பதிவின் குறுக்கே ஒரு கோடு. தவறினால் சிவப்புப் பேனாவில் ஒரு கீற்று, மறுபடி மூன்றாம் நாளிலிருந்து கணக்கு. மூன்று கீற்று விழுந்த பதிவை இனி நோட்டில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பயனில்லை. பிரச்சினை அந்த வினாவில் இல்லை, அதற்கு அடியில் இருக்கும் பாடத்தில் இருக்கிறது. பாடநூலின் அந்த அத்தியாயத்தை எடுத்து முழுதாகப் படியுங்கள்.

பலன் தெரிகிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

மதிப்பெண்ணை வைத்துச் சொல்லாதீர்கள். ஒரு தாள் எளிது, ஒரு தாள் கடினம். அந்தப் பெண் அடுத்த முழுத் தாளில் 54 தவறு செய்தார். மதிப்பெண் ஏழரைதான் கூடியது. "இவ்வளவுதானா சார்?" என்று கேட்டார். குறிகளைப் பிரித்தோம்: அ 28, கு 12, வா 5, மு 5, நே 4. வாசிப்புத் தவறு 11-லிருந்து 5 ஆகிவிட்டது. குழப்பம் 17-லிருந்து 12. அதில் அரசியலமைப்பு 9-லிருந்து 3. கூடியது அறியாமை மட்டும், ஏனென்றால் அந்தத் தாளில் அவர் படிக்காத புவியியல் அதிகம். நோட்டு வேலை செய்திருக்கிறது, படிக்காத பாடம் பாக்கியிருக்கிறது என்று இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன. மொத்த மதிப்பெண் இந்த இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகக் காட்டி ஏமாற்றியிருக்கும்.

மு மட்டும் 6-லிருந்து 5-தான் ஆனது. பார்த்தால் ஐந்தில் நாலு, வட்டிக் கணக்கே இல்லை, விகிதமும் பரப்பளவும். அடுத்த வாரத்தின் தலைப்பு அதுதான் என்று முடிவாயிற்று.

எப்போது இந்த நோட்டு வேண்டாம்

தவறுகளில் பாதிக்கு மேல் அ குறி விழுந்தால் நோட்டை மூடி வைத்துவிட்டுப் பாடநூலை எடுங்கள். படிக்காததைத் தவறு நோட்டு கற்றுத் தராது; படித்ததில் எங்கே ஓட்டை என்றுதான் காட்டும். பாடத்திட்டத்தில் பாதியாவது ஒரு சுற்று முடித்த பிறகு தொடங்குவது நல்லது. மேலே சொன்ன இரண்டாவது தாளில் அ 54-க்கு 28, பாதியைத் தாண்டுகிறது. அதனால்தான் அந்த வாரம் அவருக்குப் புதுப் பதிவு எழுத நேரம் ஒதுக்கவில்லை. பழைய பதிவுகளின் மறுசோதனை மட்டும், மீதி நேரம் புவியியல்.

அதேபோல் வாரம் இரண்டு தாள் எழுதிவிட்டு ஒன்றையும் அலசாமல் விடுவதைவிட, இரண்டு வாரத்துக்கு ஒரு தாள் எழுதி அதை முழுதாக நோட்டில் இறக்குவது மேல் என்பது என் கருத்து. சில பயிற்சி மையங்களில் தினம் ஒரு தாள் தருகிறார்கள். அங்கே படிக்கிறவர்கள் எல்லாத் தாளுக்கும் ஓரக் குறி மட்டும் போட்டு, வாரத்தில் ஒரு தாளுக்கு மட்டும் முழுப் பதிவு எழுதினால் போதும்.

தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் புதுப் பதிவு எதுவும் வேண்டாம். கோடு விழாத பதிவுகளை மட்டும் எடுங்கள். கோடு விழுந்ததைத் திரும்பப் புரட்ட ஆசை வரும், நேரம் இல்லை. நே குறிகளையும் அப்போது ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். இரண்டு தாளிலும் நாலு நாலாக நின்றால் பத்து வினாவுக்கு ஒரு முறை வினா எண்ணும் ஓ.எம்.ஆர். எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கமும், கடைசிப் பதினைந்து நிமிடத்தை வட்டம் நிரப்புவதற்கென்றே ஒதுக்குவதும் அந்த ஆறு மதிப்பெண்ணில் பாதியையாவது மீட்டுத் தரும். விடை தெரியவில்லை என்ற ஐந்தாவது வட்டத்தை நிரப்பினால் எதுவும் கிடைக்காது. நாலில் ஒன்றை நிரப்பிவிட்டு வாருங்கள்.